மூன்றில் இரண்டு, எதில்?

தொம்மலூர்ப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கும் தமிழர்கள் பலருக்குக் கன்னடம் நன்றாகப் பேச வரும், படிக்க வராது. கடைக்கும் ஆட்டோவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் அந்தப் பேச்சு போதும். லிஃப்ட் பக்கத்துப் பலகையில் சங்கத்தின் கூட்ட அறிவிப்பு ஒட்டப்படும் நாளில்தான் அது போதாமல் போகிறது. உடனே போனில் ஒரு படம் எடுத்து, எழுத்து தெரிந்த ஒருவருக்கு அனுப்பி, "இதுல என்னங்க போட்டிருக்கு?" என்று கேட்பார்கள். இதே தொம்மலூரில் சொக்கநாதசாமி கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கக் கன்னடக்காரர்கள் நம் பக்கம் ஆள் தேடுவார்கள், பலகைத் தாளைப் படிக்க நாம் அவர்கள் பக்கம் தேடுகிறோம். இந்த ஊரில் இந்தக் கொடுக்கல் வாங்கல் நெடுங்காலமாக உண்டு.

அப்படி வந்த ஒரு படத்தைத் தேநீர் ஆறுவதற்குள் நாமும் சேர்ந்து படித்துப் பார்ப்போம். இது எந்தக் குடியிருப்பின் தாளும் இல்லை. இத்தகைய தாள்களில் வழக்கமாக வருகிறவற்றை வைத்து நாமே அமைத்துக்கொண்டது. கட்டடத்தில் 20 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். 12 வீடுகள் இரண்டு படுக்கையறை கொண்டவை, 8 வீடுகள் மூன்று படுக்கையறை கொண்டவை. லிஃப்ட் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும். அதற்கு எல்லாரிடமும் தனியாகப் பணம் திரட்ட வேண்டும். கூட்டம் அதற்காகத்தான்.

படம் முழுதாக இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அனுப்புகிறவர்கள் தலைப்பையும் தேதியையும் நிகழ்ச்சி நிரலையும் பிடித்துவிட்டு, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் நான்கைந்து வரிகளை விட்டுவிடுவார்கள். யார் வாக்களிக்கலாம், எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், எவ்வளவு ஆதரவு இருந்தால் தீர்மானம் நிறைவேறும் என்பதெல்லாம் அந்த வரிகளில்தான் இருக்கும். கையெழுத்தும் சங்கத்தின் முத்திரையும் படத்தில் தெரிந்தால், தாளின் கீழ்விளிம்பு வரை வந்திருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். தெரியாவிட்டால் மறுபடி எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும்.

அடுத்தது எண்கள். தாளில் கன்னட எண்கள் இருந்தால் நிதானம் வேண்டும். கன்னடத்தின் 6-க்கும் 9-க்கும் வேறுபாடு ஒரு சுழிப்பில்தான். கன்னடத்தின் சுழியமும், சொல்லுக்குள் மெல்லின ஒலிக்காகப் போடும் சிறு வட்டமும் பார்வைக்கு ஒன்றேதான். கண்ணாடிப் பலகையில் ஃபிளாஷ் பட்டு வெளுத்த படத்தில் 16-ஆம் தேதி 19 ஆகிவிடும். இதைச் சரிபார்ப்பது சுலபம். தேதியோடு கிழமையும் போட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தால், அந்த மாதத்து ஞாயிறு 16-இல் வருகிறதா 19-இல் வருகிறதா என்று காலண்டரைப் பார்த்தால் போதும். தொகையை எண்ணிலும் எழுத்திலும் கொடுத்திருந்தால் அதையும் இப்படியே ஒத்துப் பார்க்கலாம்.

தலைப்பில் ‘சர்வ சதஸ்யர சபெ’ என்று இருக்கும். எல்லா உறுப்பினர்களும் கூடும் கூட்டம், நாம் பொதுக்குழு என்பது. அதற்கு மேலே சங்கத்தின் பெயரும் பதிவு எண்ணும், எந்தச் சட்டத்தின் கீழ் பதிவானது என்பதும் இருக்கும். அந்த வரியைத் தாண்டிப் போக வேண்டாம். கர்நாடகத்தில் குடியிருப்புச் சங்கங்கள் மூன்று சட்டங்களில் ஏதாவது ஒன்றின் கீழ் பதிவாகி இருப்பதைப் பார்க்கலாம். 1959-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1960-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1972-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உடைமைச் சட்டம். வாக்கை எப்படி எண்ணுவார்கள் என்பது இதைப் பொறுத்து மாறும். நம் தாள் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம்.

‘கார்யசூசி’ என்பது நிகழ்ச்சி நிரல். ஒவ்வொரு வரியிலும் கடைசியில் நிற்கும் வினைச்சொல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை ‘திருடீகரிசுவுது’ என்றால் அதை உறுதி செய்வார்கள். தணிக்கை செய்த கணக்கை ‘அங்கீகரிசுவுது’ என்றால் ஒப்புதல் கேட்பார்கள், கை தூக்க வேண்டி வரும். லிஃப்ட் மாற்றுவது பற்றி ‘சர்ச்சிசுவுது’ என்று மட்டும் இருந்தால் பேசுவார்கள், அவ்வளவுதான். ‘சர்ச்சிசி தீர்மானிசுவுது’ என்றால் பேசி அன்றே முடிவெடுப்பார்கள். பேசத்தானே போகிறார்கள் என்று வீட்டில் இருந்துவிட்டவர்களுக்கு மறுமாதம் கட்டணச் சீட்டு வரும்போதுதான் இந்த இரண்டின் வேறுபாடு தெரியவரும். ஆகவே மொழிபெயர்க்கும்போது இரண்டையும் ‘லிஃப்ட் பற்றி’ என்று சுருக்கிவிடக் கூடாது. கடைசி வரி அநேகமாகத் தலைவரின் அனுமதியோடு பிற விஷயங்கள் என்பதாக இருக்கும். அதை அப்படியே எழுதிவிட்டு மேலே போகலாம்.

கீழ்க்குறிப்புகளில் முதலாவது கோரம். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது. நம் தாளில் ‘மூரனே ஒந்தரஷ்டு’ என்று இருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு. 20 வீட்டில் 7 வீட்டார் வந்தால் கூட்டத்தைத் தொடங்கலாம். கோரம் இருந்துவிட்டதாலேயே தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். தேர் வடம் பிடிக்க ஆள் சேர்வது வேறு, தேர் நிலைக்கு வந்து சேர்வது வேறு. கோரம் முதலாவதை மட்டும்தான் சொல்கிறது.

கோரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அடுத்த வரி. கூட்டம் அரை மணி நேரம் ‘முந்தூடலாகுவுது’ என்று இருக்கும். பேச்சுக் கன்னடம் மட்டும் தெரிந்த தமிழர் இங்கே தடுக்கி விழ வாய்ப்புண்டு, ‘முன்’ என்ற ஒலி நம் காதில் முன்கூட்டியே என்றுதான் விழும். கன்னடத்தில் அந்தச் சொல்லுக்கு ஒத்திப்போடுவது என்று பொருள். 10 மணிக் கூட்டத்துக்கு ஆள் சேராவிட்டால் 10.30-க்கு அதே இடத்தில் கூடும். பல தாள்களில் அதற்கு மேலும் ஒரு வரி உண்டு: அப்படிக் கூடும் கூட்டத்துக்குக் கோரம் தேவையில்லை. ஐந்து பேர் இருந்தாலும் கூட்டம் நடக்கும் என்பது அதன் கருத்து. ‘யாரும் வரமாட்டாங்க, கூட்டம் நடக்காது’ என்று இருந்துவிடுகிறவர்களுக்கு இந்த வரியைக் கட்டாயம் தமிழில் சொல்லியாக வேண்டும்.

இப்போது எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடத்துக்கு வருகிறோம். நம் தாளின் நான்காவது குறிப்பு இப்படி: லிஃப்ட் தீர்மானத்துக்கு ‘ஒட்டு மதகள மூரனே எரடரஷ்டு’ ஆதரவு வேண்டும். படித்துக் காட்டினால் கேட்பவர் உடனே தலையாட்டுவார். ‘மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு. வந்தவங்கள்ல மூணுல ரெண்டு பேர் கை தூக்கினா போதும்’ என்பார். பொதுக்கூட்டம் என்றாலே கை தூக்கி எண்ணுவது என்று நமக்குப் பழகிப் போயிருக்கிறது. மூன்றில் இரண்டு என்ற எண் மனதில் பதிந்துவிடுகிறது. எதில் மூன்றில் இரண்டு என்பது காதோடு நின்றுவிடுகிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் ‘ஒட்டு’ என்ற சொல்லில் இருக்கிறது. தமிழ்க் காதுக்கு அது ‘ஓட்டு’ என்று கேட்கும். ‘மத’ என்பது கன்னடத்தில் வாக்கு என்று தெரிந்தவர்கூட, இரண்டு சொல்லும் ஒன்றையே சொல்வதாக நினைத்துக் கடந்துவிடுவார். கன்னடத்தில் ஒட்டு என்றால் மொத்தம். ‘ஒட்டு மதகள’ என்றால் மொத்த வாக்குகளின், அதாவது வந்தவர்கள் வராதவர்கள் எல்லாரையும் சேர்த்த வாக்குகளின் மூன்றில் இரண்டு. இதே இடத்தில் ‘ஹாஜரித்த சதஸ்யர’ என்று இருந்தால் ஆஜரான உறுப்பினர்களில் என்று ஆகும். ‘ஹாஜரித்து மத சலாயிசித’ என்றால் வந்து, வாக்கும் போட்டவர்களில். எண் மூன்றிலும் ஒன்றுதான், கணக்கு மூன்றிலும் வேறு.

கடைசி இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். வந்து உட்கார்ந்து, எந்தப் பக்கமும் கை தூக்காமல் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். ஆஜரானவர்களில் மூன்றில் இரண்டு வேண்டும் என்றால் அவரும் தொகையில் இருக்கிறார், ஆனால் ஆதரவில் இல்லை. அவருடைய மௌனம் எதிர்ப்பாகவே எண்ணப்படும். வாக்குப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு என்றால் அவர் கணக்கிலேயே இல்லை. யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாமே என்று சும்மா இருப்பவர், தான் எந்த விதியின் கீழ் சும்மா இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு படி இருக்கிறது. மொத்த வாக்குகள் என்றால் 20 வீட்டுக்கு 20 வாக்கா? கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது அடிப்படை. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியில் போகிறது. அதன்படி ஒவ்வொரு வீட்டுக்கும் பொது இடங்களில் பிரிபடாத பங்கு ஒன்று விழுக்காட்டில் உண்டு, பத்திரத்தில் யூ.டி.எஸ். என்று பார்த்திருப்பீர்கள். வீட்டின் மதிப்பு முழுச் சொத்தின் மதிப்பில் எவ்வளவு என்பதை வைத்து அதை நிர்ணயிக்கச் சட்டம் சொல்கிறது, நடைமுறையில் பெரும்பாலும் சதுர அடியை வைத்துப் போடுவார்கள். வாக்குக்கான விழுக்காடு ‘டீட் ஆஃப் டிக்ளரேஷன்’ என்கிற பிரகடனப் பத்திரத்தில் பதிவாகியிருக்கும். சட்டத்தின் விளக்கப் பகுதியிலேயே, பெரும்பான்மை என்றால் பிரகடனத்தில் கொடுத்த விழுக்காட்டின்படி 51 விழுக்காடோ அதற்கு மேலோ வாக்கு உடையவர்கள் என்று இருக்கிறது. தலை எண்ணிக்கை அங்கே பேச்சிலேயே இல்லை.

நம் கட்டடத்தில் போட்டுப் பார்ப்போம். சிறிய வீடு ஒவ்வொன்றுக்கும் 4 விழுக்காடு, 12 வீட்டுக்கு 48. பெரிய வீடு ஒவ்வொன்றுக்கும் 6.5 விழுக்காடு, 8 வீட்டுக்கு 52. இரண்டும் சேர்ந்து 100. பெரிய வீட்டுக்காரர்கள் எட்டுப் பேரும் ஒன்றுசேர்ந்தால், மீதிப் பன்னிரண்டு பேரும் எதிர்த்தாலும், 51 விழுக்காடு பெரும்பான்மை அவர்கள் கையில் இருக்கிறது. இது நியாயமா என்று வாதிடலாம், அவர்கள் பராமரிப்புக்கு அதிகம் கட்டுகிறார்களே என்று மறுவாதமும் செய்யலாம். மொழிபெயர்ப்பவர் இதில் பக்கம் சேர வேண்டியதில்லை. இது இப்படித்தான் இருக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியும்படி எழுத வேண்டும்.

கூட்ட நாளில் 11 வீட்டார் வருகிறார்கள். சிறிய வீட்டிலிருந்து 6 பேர், பெரிய வீட்டிலிருந்து 5 பேர். கோரத்துக்கு வேண்டிய 7 தாண்டிவிட்டது. லிஃப்ட் தீர்மானத்துக்குப் பதினோரு பேரும் கை தூக்குகிறார்கள், அறையில் ஓர் எதிர்ப்புக்கூட இல்லை. கைதட்டிவிட்டுக் கலைகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: 6 பேருக்கு 24, 5 பேருக்கு 32.5, ஆக 56.5 விழுக்காடு. மொத்த வாக்கில் மூன்றில் இரண்டு என்பது 66.67. தீர்மானம் தோற்றுவிட்டது. பணம் கட்ட மறுக்கும் ஒருவர், அன்று வராத ஒருவராகவே இருக்கட்டும், பைலாவைக் காட்டி ‘உங்கள் தீர்மானம் செல்லாது’ என்று சொன்னால் அவர் சொல்வது சரி. அறிவிப்பைத் தமிழில் கேட்டுக்கொண்டு, வந்தவர்களில் மூன்றில் இரண்டு போதும் என்று நம்பியவர் வராதவர்களைத் தேடிப் போயிருக்கவே மாட்டார். சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் இன்னும் மூன்று சிறிய வீடுகளையோ இரண்டு பெரிய வீடுகளையோ முன்கூட்டியே அழைத்து வந்திருப்பார். அதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

அதே பதினோரு பேர் பெரும்பான்மை போதும் என்கிற வேறொரு விஷயத்தில் பிரிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிறிய வீட்டார் 6 பேர் ஆதரவு, பெரிய வீட்டார் 5 பேர் எதிர்ப்பு. தலை எண்ணினால் ஆதரவுக்கு வெற்றி. விழுக்காடு எண்ணினால் 24-க்கு எதிராக 32.5, ஆதரவுக்குத் தோல்வி. சட்டத்தின் 51 விழுக்காட்டை வைத்தால் இரண்டு பக்கமும் எட்டவில்லை, எந்த முடிவும் இல்லை. ஒரே அறை, ஒரே கைகள், மூன்று வெவ்வேறு முடிவுகள்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியது இல்லை. பாரிசில் லா ஷப்பல் பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம் ஆட்களுக்கும் இப்படி ஒரு தாள் பிரெஞ்சில் வரும். அங்கே 1965 ஜூலை 10-ஆம் தேதிச் சட்டம். வாக்கைப் பங்கு வைத்தே எண்ணுகிறார்கள். ஒவ்வொரு தீர்மானத்தின் பக்கத்திலும் 24, 25, 26 என்று ஒரு பிரிவு எண் இருப்பது வழக்கம். 24 என்றால் வாக்குப் போட்டவர்களின் வாக்கில் பெரும்பான்மை. 25 என்றால் வராதவர்களையும் சேர்த்து எல்லா உரிமையாளர்களின் வாக்கிலும் பெரும்பான்மை. 26 என்றால் இரண்டு நிபந்தனை: உரிமையாளர்களில் தலைக்கணக்கில் பெரும்பான்மை, அவர்கள் கையில் மொத்த வாக்கில் மூன்றில் இரண்டு. நம் தாளில் ஒரு சொல் சொல்லும் செய்தியை அங்கே ஓர் எண் சொல்கிறது. அந்த எண்ணை வெறும் குறிப்பு என்று மொழிபெயர்ப்பில் விட்டுவிட்டால் நடப்பதும் இதேதான்.

மீதிக் குறிப்புகள் இவ்வளவு தொல்லை தராதவை. பாக்கி வைத்திருப்பவர்களுக்கு வாக்கு இல்லை என்று இருக்கும். ‘பாக்கி’ என்ற சொல் நமக்கும் சொந்தம் என்பதால் குழப்பம் வராது. ஆனால் எந்தத் தேதி வரையிலான பாக்கி என்பதைப் பார்த்து எழுத வேண்டும். அவர்களின் வாக்கு மொத்தத்திலிருந்தும் கழிக்கப்படுமா என்பது தாளில் அநேகமாக இருக்காது, பைலாவில் தேட வேண்டியது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால் வீட்டுக்கு ஒரு வாக்குதான், யார் போடுவது என்று அவர்களுக்குள் முடிவு செய்து கொள்ளச் சொல்வார்கள். ‘பாடிகெதாரரு’ என்பது வாடகைக்கு இருப்பவர்கள். கூட்டத்துக்கு வரலாம் என்று இருந்தாலும் வாக்கு இருக்காது. வர முடியாதவர் வேறொருவருக்கு ‘அதிகார பத்ர’ எழுதிக் கொடுக்கலாம் என்று சில தாள்களில் உண்டு, கூடவே எத்தனை மணி நேரத்துக்கு முன் செயலாளரிடம் சேர வேண்டும் என்ற கெடுவும் இருக்கும். கூட்டுறவுச் சட்டத்தின் கீழுள்ள சங்கம் என்றால் நேரில் வந்தால்தான் வாக்கு.

எழுதிக் கொடுக்கும்போது ‘பெரும்பான்மை’ என்ற சொல்லைத் தனியே விடாமல் இருப்பதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. நம் தாளின் நான்காவது குறிப்பை நான் இப்படி எழுதுவேன்: ‘லிஃப்ட் மாற்றும் தீர்மானம் நிறைவேற, வந்தவர் வராதவர் எல்லாருடைய வாக்கையும் சேர்த்த மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்.’ கன்னட வரியைவிட நீளமாகிவிட்டது. நீளமானாலும் பரவாயில்லை, படிப்பவர் கேட்கப்போகும் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தாளில் ‘பஹுமத’ என்று மட்டும் இருந்து, எதில் பெரும்பான்மை என்று சொல்லாமல் விட்டிருந்தால், நாமாக ஒன்றை ஊகித்து எழுதிவிடக் கூடாது. ‘பெரும்பான்மை என்று மட்டும் இருக்கிறது, எதில் என்று குறிப்பிடவில்லை’ என்றே எழுத வேண்டும். அதன் கீழே செயலாளரிடம் கேட்க இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுக்கலாம்: வாக்கை வீட்டுக்கு ஒன்றாக எண்ணுவீர்களா, பிரகடனத்தில் உள்ள விழுக்காட்டின்படியா? வந்தவர்களில் கணக்கா, மொத்தத்தில் கணக்கா? கன்னடத்தில் பேசத் தெரிந்தவர்தானே, இவற்றை லிஃப்ட் அருகே நின்றே கேட்டுவிடலாம். அதிகார பத்திரம் கொடுக்கும் கெடு முடிவதற்கு முன்னால் கேட்டுவிட்டால், பதிலைப் பார்த்து ஊரில் இல்லாத பக்கத்து வீட்டாருக்கு ஒரு போன் போட நேரம் இருக்கும்.